நோன்புக்கு முன் சர்க்கரை நோயாளிகளைக் கவனித்தோமா? மருத்துவத் தணிக்கை அறிக்கை எழுதும் முறை



அறக்கட்டளையின் வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்து ஜமாஅத் முன் வைப்பது நமக்குப் பழக்கமான விஷயம். ரசீதுப் புத்தகமும் வங்கிக் கணக்கும் ஒத்துப் போகின்றனவா என்று தணிக்கையாளர் பார்ப்பார். இலவச மருத்துவ நிலையங்கள் செய்ய வேண்டிய இன்னொரு தணிக்கையும் உண்டு. அதற்கு மருத்துவத் தணிக்கை என்று பெயர். நோயாளிக்கு இன்ன சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட ஓர் அளவு இருக்கிறது. நம் நிலையத்தில் நடந்தது அந்த அளவுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பார்ப்பதும், குறை தெரிந்தால் திருத்துவதும், திருத்தம் பலித்ததா என்று மறுபடி அளப்பதும்தான் இந்தத் தணிக்கை.

இதன் அறிக்கை நான்கு பகுதிகளில் நிற்கிறது: நோக்கம், தரநிலை, கண்டறிந்தவை, மறுதணிக்கைத் திட்டம். இவற்றை விளக்க நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரமலான் நோன்பு வைக்கும் முன் மருத்துவ ஆலோசனை பெறுகிறார்களா என்பதுதான் அது. கீழே வரும் நோயாளிகளின் எண்ணிக்கை கணக்கு புரிவதற்காக வைத்த மாதிரி எண்ணிக்கை. எந்த ஒரு நிலையத்தின் கணக்கும் அல்ல.

ஏன் இந்த விஷயம்?

பகல் முழுதும் உண்ணாமல் இருக்கும்போது, வழக்கமான அளவில் இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்தால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த எபிடியார் என்ற ஆய்வின் முடிவு 2004-ல் வெளியானது. மற்ற மாதங்களோடு ஒப்பிட்டால், ரமலானில் கடுமையான தாழ்சர்க்கரை இரண்டாம் வகை நோயாளிகளிடம் 7.5 மடங்காகக் கூடியதாக அது சொன்னது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி மயங்கி விழுவதுதான் கடுமையான தாழ்சர்க்கரை. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. சூரத்துல் பகராவின் 184, 185 ஆம் வசனங்கள் அதைச் சொல்கின்றன. ஆனால் இந்த நோயாளிக்கு நோன்பு எவ்வளவு ஆபத்து என்பதை மருத்துவர் சொன்னால்தான், அதன் மேல் ஆலிம்கள் மார்க்கத் தீர்ப்பைச் சொல்ல முடியும். ஆகவே மருத்துவரின் ஆலோசனை நோயாளியிடம் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி வெறும் அலுவலகக் கேள்வி அல்ல.

முதல் பகுதி: நோக்கம்

நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அதைப் படித்தவுடன் யாரைப் பற்றி, எதைப் பற்றி, எந்தக் காலத்தைப் பற்றி அளக்கிறோம் என்று தெரிய வேண்டும். 'நோன்புக் காலத்தில் சர்க்கரை நோயாளிகளின் நலனை மேம்படுத்துதல்' என்று எழுதினால் அது நல்ல எண்ணமே தவிர அளக்கக் கூடிய நோக்கம் அல்ல. இப்படி எழுதலாம்: 'நம் நிலையத்தின் பதிவேட்டில் உள்ள, நோன்பு கடமையான வயதுடைய முஸ்லிம் சர்க்கரை நோயாளிகள் அனைவரும், சென்ற ரமலானுக்கு முன் உரிய காலத்தில் மருத்துவரின் மதிப்பீட்டையும் ஆலோசனையையும் பெற்றார்களா என்று அறிவது, பெறாதவர்களின் பங்கைக் குறைப்பது.'

இதில் 'பதிவேட்டில் உள்ள அனைவரும்' என்ற சொற்களே உயிர்நாடி. நாம் வழக்கமாக எழுதுவது முகாம் அறிக்கை. 'நோன்புக்கு முந்தைய மருத்துவ முகாமில் இத்தனை பேர் பயன்பெற்றனர்' என்று அதில் எழுதுவோம். வந்தவர்களை மட்டும் எண்ணுவது முகாம் அறிக்கை. வர வேண்டியவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பது தணிக்கை அறிக்கை. வராதவரின் சீட்டு முகாம் மேசைக்கு வருவதே இல்லை. அதனால் முகாம் அறிக்கையில் அவருக்கு இடமே கிடையாது.

இரண்டாம் பகுதி: தரநிலை

தரநிலையை நாமாக யோசித்து எழுதக் கூடாது. ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட மருத்துவ வழிகாட்டுதலில் இருந்து எடுக்க வேண்டும். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, நீரிழிவும் ரமலானும் பற்றிய சர்வதேசக் கூட்டணியோடு சேர்ந்து 2016-ல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டு, 2021-ல் அதைத் திருத்தித் தந்தது. ரமலானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன் மருத்துவர் நோயாளியைப் பார்க்க வேண்டும், நோன்பின் ஆபத்தைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வகுக்க வேண்டும் என்கிறது அது. ஏறத்தாழ ரஜப் மாதத்தின் முற்பாதி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றினால், அது உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க ஷஃபான் முழுதும் அவகாசம் கிடைக்கும். பிறைக்கு இரண்டு நாள் முன்னால் முகாம் வைத்தால் அந்த அவகாசம் இல்லை.

இதிலிருந்து மூன்று அளவுகோல்களை எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எட்ட வேண்டிய இலக்கையும் சேர்த்து எழுத வேண்டும்.

முதல் அளவுகோல்: ரமலானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன் மருத்துவர் பார்த்து, ஆபத்து எந்த வகை என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். இலக்கு 90 விழுக்காடு. வெளியூர் போனவர், மருத்துவமனையில் படுத்திருந்தவர் என்று சிலர் எப்படியும் தவறுவார்கள் என்பதால் 100 வைக்கவில்லை.

இரண்டாம் அளவுகோல்: இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சர்க்கரையைத் தாழ்த்தக் கூடிய கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும், நோன்பு நாட்களில் ஸஹரில் எவ்வளவு, நோன்பு திறக்கும்போது எவ்வளவு என்று எழுத்தில் தந்திருக்க வேண்டும். இலக்கு 100 விழுக்காடு. ஆபத்து இவர்களிடம்தான் மிகுதி. இங்கே ஒருவரையும் விட முடியாது. நோன்பு வைக்கப் போவதில்லை என்று சீட்டில் குறித்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

மூன்றாம் அளவுகோல்: எந்த நிலையில் நோன்பை முறித்துவிட வேண்டும் என்று சொல்லப்பட்டதாகச் சீட்டில் குறிப்பு இருக்க வேண்டும். வழிகாட்டுதலின்படி, சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலும், 300க்கு மேலே போனாலும், தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் தெரிந்தாலும் நோன்பை முறிக்க வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் பொதுவாகச் சொல்வதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். இலக்கு 90 விழுக்காடு.

இந்த இலக்குகளைச் சீட்டுகளைப் புரட்டும் முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும். எண்கள் வந்த பிறகு 'நமக்கு 60 வந்திருக்கிறது, இலக்கை 60 என்று வைத்துக்கொள்வோமே' என்று தோன்றுவது மனித இயல்பு. முன்கூட்டியே எழுதிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

விலக்குகளும் அப்படித்தான். மாதிரிப் பதிவேட்டில் 150 சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 30 பேர் நோன்பு வைக்காத பிற சமய அன்பர்களும், ஊரைவிட்டுப் போனவர்களும், காலமானவர்களும். மீதி 120 பேர்தான் நம் கணக்கு. 30 பேரை எந்தக் காரணத்துக்காக நீக்கினோம் என்று அறிக்கையில் எழுத வேண்டும். 'முகாமுக்கு வரவில்லை' என்பது நீக்குவதற்கான காரணம் ஆகவே ஆகாது.

மூன்றாம் பகுதி: கண்டறிந்தவை

தரவு எடுக்கும் முறையை இந்தப் பகுதியின் தலைப்பில் இரண்டு வரிகளில் சொல்லிவிட வேண்டும். யார் எடுத்தார்கள், எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரையுள்ள சீட்டுகளைப் பார்த்தார்கள் என்பதே போதும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு: சீட்டில் எழுதாதது நடக்காதது. 'நான் சொன்னேனே' என்று மருத்துவர் நினைவுகூரலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் வேறொரு மருத்துவர் பார்க்கும்போது அவருக்குத் தெரியப்போவது சீட்டில் உள்ளது மட்டும்தான்.

தொடங்கும்போது பத்துச் சீட்டுகளை இருவர் தனித்தனியாகப் பார்த்துக் குறிப்பது நல்லது. இருவரின் விடையும் மாறுபட்டால், அளவுகோலைத் தெளிவாக எழுதவில்லை என்று பொருள். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மேலே போக வேண்டும்.

மாதிரிக் கணக்கில் விடை இப்படி வந்தது என்று கொள்வோம். முதல் அளவுகோலில் 120 பேரில் 66 பேர் உரிய காலத்தில் பார்க்கப்பட்டார்கள்; 55 விழுக்காடு. 18 பேர் தாமதமாக, கடைசி நாட்களின் முகாமில் பார்க்கப்பட்டார்கள். 36 பேருக்கு எந்தக் குறிப்பும் இல்லை. இரண்டாம் அளவுகோலுக்கு உரியவர்கள் 50 பேர், அவர்களில் 30 பேருக்கு மருந்தளவு எழுதித் தரப்பட்டிருந்தது, 60 விழுக்காடு. மூன்றாம் அளவுகோலில் 120 பேரில் 72 பேருக்குக் குறிப்பு இருந்தது, 60 விழுக்காடு.

விழுக்காட்டை மட்டும் தனியே எழுதக் கூடாது. '50 பேரில் 30' என்பதும் கூடவே இருக்க வேண்டும். 50 பேர் உள்ள கணக்கில் ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ 2 விழுக்காடு மாறிவிடும். சிறிய எண்ணிக்கையில் சிறிய மாற்றத்தைப் பெரிய சாதனையாகப் பேசாமல் இருக்க இது உதவும்.

பகுதி எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். நிலையத்துக்கு வந்தவர்கள் மொத்தம் 84 பேர். மூன்றாம் அளவுகோலை 84 பேரில் 72 என்று எழுதினால் 86 விழுக்காடு வரும். இலக்கான 90-ஐ ஏறத்தாழத் தொட்டுவிட்டோம் என்று மனம் நிறைந்துவிடும். இரண்டு எண்ணும் பொய்யல்ல. ஆனால் 86 என்று எழுதும்போது அந்த 36 பேர் காகிதத்தில் இருந்து மறைந்துவிடுகிறார்கள். ஆபத்தோடு நோன்பு வைப்பவர்கள் பெரும்பாலும் அவர்களில்தான் இருப்பார்கள்.

அதனால் தவறிப்போனவர்களின் சீட்டுகளை மறுபடி எடுத்து, ஏன் தவறினார்கள் என்று பார்ப்பது அறிக்கையின் மிகப் பயனுள்ள வேலை. மாதிரியில் 36 பேரில் 26 பேருக்கு மாதாமாதம் மருந்து வாங்கப்பட்டிருக்கிறது. வாங்கியது மகனோ, பேரனோ, பக்கத்து வீட்டுக்காரரோ. நோயாளி மருத்துவர் முன் வந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. அவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பெண்கள், வயதான உம்மாக்கள். மருந்துச் சீட்டைக் கவுண்டரில் நீட்டி மாத்திரை வாங்கிப் போவதால், பதிவேட்டில் அவர்கள் ஒழுங்காக வருகிறவர்கள் போலவே தெரிவார்கள்.

இரண்டாம் அளவுகோலில் தவறிய 20 பேரையும் அப்படிப் பார்த்தால் காரணம் இரண்டாகப் பிரிகிறது. 9 பேர் வராதவர்கள். மற்ற 11 பேர் முகாமுக்கு வந்து மருத்துவரைப் பார்த்தவர்கள். அவர்கள் தவறியதற்குக் காரணம் முகாம் படிவம்: அதில் பெயர், எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு என்று கட்டங்கள் இருந்தன; நோன்பு நாள் மருந்தளவு எழுத ஒரு கட்டம் இல்லை. இது எந்த மருத்துவரின் அலட்சியமும் அல்ல. காகிதத்தில் இருந்த ஓட்டை.

அறிக்கையில் நோயாளியின் பெயரோ தெருவோ வரக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போதும். 'இன்ன மருத்துவரின் சீட்டுகளில் குறை அதிகம்' என்றும் எழுதக் கூடாது. சின்ன ஊரில் ஒரு வரி போதும், ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். நோயாளியின் விவரம் நம்மிடம் உள்ள அமானத். குறை சொல்லப்படுவோம் என்று ஊழியர்கள் அஞ்சினால், அடுத்த ஆண்டு சீட்டுகள் நிரம்பியிருக்கும். ஆனால் அதில் உண்மை இருக்காது.

நான்காம் பகுதி: திருத்தமும் மறுதணிக்கையும்

கண்டறிந்த ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு செயல், ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. இந்த மூன்றும் இல்லாத வரி பரிந்துரை ஆகாது. 'விழிப்புணர்வை அதிகப்படுத்த வேண்டும்' என்று எழுதினால் அதை யார், எப்போது செய்வார்கள்?

மாதிரி அறிக்கையில் மூன்று செயல்கள் போதும். முதலாவது, ஜமாதுல் ஆகிர் மாத இறுதியில் மருந்தாளுநர் பதிவேட்டில் இருந்து பட்டியல் எடுப்பார். வேறொருவர் மருந்து வாங்க வரும் சீட்டுகளில் ஒரு பச்சைக் குறி இடுவார். அந்தச் சீட்டோடு வருபவரிடம், ரஜப் முற்பாதியில் நோயாளியை நேரில் அழைத்து வரச் சொல்லி நாள் குறித்துக் கொடுப்பார். இரண்டாவது, வர இயலாத பெண்களின் வீட்டுக்குச் செவிலியர் ஒருவர் சர்க்கரை பார்க்கும் கருவியோடு போய்வருவார். அவர் எழுதிவந்த குறிப்பைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மூன்றாவது, முகாம் படிவத்தில் இரண்டு கட்டங்கள் சேர்க்கப்படும்: 'ஸஹர் மருந்து, நோன்பு திறக்கும் நேர மருந்து' என்று ஒன்று, 'எப்போது நோன்பை முறிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது' என்று மற்றொன்று. படிவத்தை அச்சிடும் பொறுப்பு அலுவலகத்துக்கு, ரஜப் பிறைக்கு முன்.

மறுதணிக்கை என்பது அதே அளவுகோல்கள், அதே இலக்குகள், அதே விலக்குகள், அதே முறை. அளவுகோலில் ஒரு சொல்லை மாற்றினாலும் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட முடியாமல் போகும். முதல் ஆண்டில் '6 முதல் 8 வாரம்' என்று வைத்துவிட்டு, மறு ஆண்டில் 'ரமலானுக்கு முன் எப்போதாவது' என்று மாற்றினால், ஒரு வேலையும் செய்யாமலே 55 என்பது 70 ஆகிவிடும். ஏனென்றால் தாமதமாக வந்த 18 பேரும் இப்போது கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

தேதியைப் பிறைக் கணக்கில் குறிப்பது இங்கே நல்லது. ரமலான் ஆண்டுதோறும் ஆங்கில நாட்காட்டியில் 10, 11 நாட்கள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். 'ஜனவரியில் ஆலோசனை' என்று எழுதிவைத்தால் சில ஆண்டுகளில் ஜனவரியிலேயே நோன்பு வந்துவிடும்.

இன்னொன்று. மறுதணிக்கைக்கு ஓர் ஆண்டு காத்திருந்தால், இடையில் ஒரு ரமலான் கடந்து போயிருக்கும். ஆகவே ரஜப் இறுதியில் ஒரு சிறு எண்ணிக்கை எடுக்க வேண்டும்: 120 பேரில் இதுவரை எத்தனை பேர் பார்க்கப்பட்டார்கள்? மீதிப் பெயர்கள் எவை? உரிய காலம் கடந்திருந்தாலும், அந்தப் பெயர்களைத் தேடிப் போக ஷஃபானில் இன்னும் நாள் இருக்கும். முழு மறுதணிக்கையை ஷவ்வால் மாதம் வைத்துக்கொள்ளலாம். அதன் அறிக்கையில் சென்ற ஆண்டு, இந்த ஆண்டு என்று எண்களைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும்.

இந்த அறிக்கை சொல்லாதது

ஆலோசனை தரப்பட்டதா என்பதையே இது அளக்கிறது. நோன்பில் எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள், எத்தனை பேர் ஆலோசனையைப் பின்பற்றினார்கள் என்று இது சொல்லாது. ஆகவே 55 என்பது 90 ஆனாலும் 'தாழ்சர்க்கரையைக் குறைத்துவிட்டோம்' என்று எழுதக் கூடாது. 'உரிய காலத்தில் ஆலோசனை பெற்றவர்கள் 120 பேரில் 66-ல் இருந்து 108 ஆகக் கூடினார்கள்' என்று எழுதுவதே நேர்மை. பாதிப்பை அறிய வேண்டுமானால் ஷவ்வாலில் ஒவ்வொருவரிடமும் கேட்டறியும் தனி அளவுகோல் வேண்டும்.

இத்தகைய அறிக்கை பொதுக்குழுவில் படிக்கப்படும்போது உறுப்பினர்கள் மூன்று கேள்வி கேட்கலாம். இந்த விழுக்காடு எத்தனை பேரில்? இலக்கை எப்போது எழுதினீர்கள்? மறுபடி எப்போது எண்ணப் போகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் அறிக்கையைப் பார்த்தே விடை சொல்ல முடிந்தால், அது சரியாக எழுதப்பட்ட அறிக்கை.

குடும்பங்கள் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. வீட்டில் உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ நீங்கள் போய் மாத்திரை வாங்கி வருபவராக இருந்தால், அடுத்த முறை கவுண்டரில் அதைச் சொல்லிவிடுங்கள். அவர்களின் பெயருக்கு எதிரே ஒரு பச்சைக் குறி விழட்டும். ரஜப் பிறை பார்த்ததும் அவர்களை நேரில் அழைத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நோன்பு வைக்க இயன்றவர்கள் பயமின்றி வைக்கவும், இயலாதவர்கள் மனவருத்தமின்றிச் சலுகையை ஏற்கவும் அது துணை செய்யும்.